பிஎச்டி அத்தியாயம் தள்ளிப்போகிறதா? கைடிடம் அவகாசம் கேட்கும் முன் போட வேண்டிய கணக்கு

“மேடம், இன்னும் ரெண்டே ரெண்டு வாரம் டைம் கொடுங்க.”

பிஎச்டி செய்யும் யாரைக் கேட்டாலும் இந்த வாக்கியத்தை ஒரு முறையாவது சொல்லியிருப்பார்கள். இதில் இரண்டு விஷயங்கள் இல்லை. இதுவரை எவ்வளவு வேலை முடிந்திருக்கிறது என்பது இல்லை. அந்த ‘ரெண்டு வாரம்’ எங்கிருந்து வந்தது என்பதும் இல்லை. பெரும்பாலும் அது எந்தக் கணக்கிலிருந்தும் வந்திருக்காது. எவ்வளவு கேட்டால் கைடு முகம் சுளிக்க மாட்டாரோ, அந்த அளவுதான் வாயில் வரும். இரண்டு வாரம் கழித்து அதே கதவை மறுபடி தட்ட வேண்டியிருக்கும். இரண்டாவது முறை கேட்பது முதல் முறையைவிட எவ்வளவு கஷ்டம் என்று தட்டியவர்களுக்குத் தெரியும்.

அவகாசம் கேட்பதில் தவறில்லை. ஆனால் கேட்கும் தேதி, உங்கள் சொந்த வேலை வேகத்திலிருந்து வந்த தேதியாக இருக்க வேண்டும். அதை எப்படிக் கணக்கிடுவது, எப்படிச் சொல்வது என்று ஓர் உதாரணத்தோடு பார்ப்போம்.

எந்தத் தேதியை கைடால் மாற்ற முடியும்?

பிஎச்டியில் எல்லா டெட்லைனும் ஒரே வகை அல்ல. ‘மூன்றாம் அத்தியாயத்தை மாசக் கடைசிக்குள் கொடு’ என்பது உங்களுக்கும் கைடுக்கும் இடையிலான ஏற்பாடு. அதை அவர் நினைத்தால் மாற்றலாம். ஆனால் அதற்கு மேலே இருக்கும் சில தேதிகள் அவர் கையில் இல்லை.

யுஜிசி 2022 நவம்பரில் வெளியிட்ட பிஎச்டி விதிமுறைகளின்படி, சேர்ந்த நாளிலிருந்து குறைந்தது 3 ஆண்டுகள், அதிகபட்சம் 6 ஆண்டுகள். அதற்குள் முடியாவிட்டால் பல்கலைக்கழகத்தின் விதிகளுக்கு உட்பட்டு மறுபதிவு செய்து, மேலும் 2 ஆண்டுகள் வரை பெறலாம். பெண்களுக்கும், 40 சதவீதத்துக்கு மேல் மாற்றுத்திறன் கொண்டவர்களுக்கும் இன்னும் 2 ஆண்டுகள் தளர்வு உண்டு. மகப்பேறு மற்றும் குழந்தை பராமரிப்பு விடுப்பாக மொத்தம் 240 நாட்கள் வரை எடுக்கலாம்.

நடுவில் இன்னொரு படி இருக்கிறது. அதுதான் ஆய்வு ஆலோசனைக் குழு. வளாகத்தில் எல்லோரும் ‘ஆர்ஏசி’ என்பார்கள். ஒவ்வொரு செமஸ்டரும் இந்தக் குழு முன் வேலையின் முன்னேற்றத்தை விளக்க வேண்டும். முன்னேற்றம் திருப்தியாக இல்லை என்றால் குழு காரணத்தைப் பதிவு செய்து, சரிசெய்யும் வழியைச் சொல்லும். அதையும் செய்யாவிட்டால் பதிவை ரத்து செய்யப் பரிந்துரைக்கவும் குழுவுக்கு அதிகாரம் உண்டு. ஆகவே கைடு மனம் இரங்கி “சரி, அப்புறம் கொடு” என்று சொன்னாலும், ஆர்ஏசி தேதி அதனால் நகர்ந்துவிடாது.

பணம் இன்னொரு கடிகாரம். யுஜிசி ஜேஆர்எஃப் வாங்குபவருக்கு முதல் 2 ஆண்டுகள் ஜேஆர்எஃப், மதிப்பீட்டுக்குப் பிறகு எஸ்ஆர்எஃப், மொத்தம் 5 ஆண்டுகள்தான். 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய், எஸ்ஆர்எஃப் ஆனதும் 42,000 ரூபாய். ஆய்வுக்கு 6 ஆண்டுகள் அனுமதி, உதவித்தொகைக்கு 5. இங்கே ஒரு மாதம், அங்கே ஒரு மாதம் என்று வாங்கும் அவகாசம் எல்லாம் கடைசியில் உதவித்தொகை நின்ற பிறகான மாதங்களாக வந்து நிற்கும். கைடு தரும் அவகாசத்துக்கு விலை இல்லை என்று நினைத்துவிடாதீங்க.

உதாரணத்துக்கு ஒரு மாணவி

டெல்லியில் ஒரு மத்தியப் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டு படிக்கும் தமிழ் மாணவி ஒருவரை எடுத்துக்கொள்வோம். கணக்கைக் காட்டுவதற்காக நாமே உருவாக்கிய உதாரணம் இது. உணவு டெலிவரி செய்பவர்களின் வேலை நேரத்தைப் பற்றிய ஆய்வு. 36 பேரிடம் நேர்காணல் எடுத்துவிட்டார். ஒவ்வொன்றும் சுமார் 50 நிமிடம். எல்லாம் இந்தியில். பாதி, தெருவோரம் பைக் மேல் உட்கார்ந்து பேசியது.

இனி மூன்று கட்ட வேலை. முதலில் ரெக்கார்டிங்கைக் கேட்டு எழுத்தாக்க வேண்டும். தெளிவான ஒரு மணி நேர ஆடியோவை எழுத 4 முதல் 6 மணி நேரம் பிடிக்கும் என்பது ஆய்வாளர்களிடையே பழகிய கணக்கு. ஹாரன் சத்தமும் மொழிபெயர்ப்பும் சேர்ந்தால் ஒரு நேர்காணல் ஒரு நாளைத் தின்றுவிடும். அடுத்தது கோடிங். இது கம்ப்யூட்டர் கோடிங் இல்லை. ஒவ்வொரு பதிலும் எதைப் பற்றியது என்று பிரித்து, ‘பெட்ரோல் செலவு’, ‘ரேட்டிங் பயம்’ என்பது போலக் குறியிடுவது. மூன்றாவதாக, அத்தியாயம் எழுதுவது.

ஆகஸ்ட் 1 அன்று அவர் போட்ட திட்டம் இது: வாரத்துக்கு 6 நேர்காணல் எழுத்தாக்கினால் ஆறு வாரத்தில் 36-ம் முடியும். மீதி 18 நாட்களில் கோடிங், எழுதுதல். செப்டம்பர் 30 அன்று நான்காம் அத்தியாயம் கைடு கையில்.

இன்று செப்டம்பர் 12. முடிந்தது 21. கோடிங் செய்து பார்த்தது 6. எழுதியது ஒரு பக்கம்கூட இல்லை. ஆர்ஏசி கூட்டம் நவம்பர் 18. உறுப்பினர்களுக்குப் பத்து நாள் முன்பே, அதாவது நவம்பர் 8-க்குள், ஆவணம் போக வேண்டும்.

‘80 சதவீதம் முடிஞ்சிடுச்சு’ என்று ஏன் சொல்லக் கூடாது?

இங்கே என் சொந்தக் கதை ஒன்று. முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில், நூற்றுக்கணக்கான பிடிஎஃப் பக்கங்களிலிருந்து அட்டவணைகளை எடுத்துச் சுத்தம் செய்யும் வேலை என்னிடம் இருந்தது. எடிட்டர் கேட்கும்போதெல்லாம் “90 பர்சன்ட் முடிஞ்சது சார்” என்றேன். மூன்று வாரம் தொடர்ந்து 90 பர்சன்ட். பொய் சொல்லவில்லை, எனக்கு உண்மையிலேயே அப்படித்தான் தோன்றியது. மூன்றாவது வாரம் அவர் கேட்டது ஒரே கேள்வி: “எதில் 90?” என்னிடம் பதில் இல்லை.

சதவீதம் என்பது உணர்வு. எண்ணிக்கை என்பது எவரும் திறந்து பார்க்கக்கூடிய விஷயம். நம் மாணவி “எழுத்தாக்கம் பாதிக்கு மேல் முடிந்துவிட்டது” என்று சொன்னால் கைடுக்கு ஒன்றும் தெரியாது. “36-ல் 21 முடிந்தது, 6-க்கு கோடிங் ஆனது, எழுதத் தொடங்கவில்லை” என்று சொன்னால் எல்லாம் தெரியும். கடைசி இரண்டு வார்த்தைகளைச் சொல்லக் கூச்சமாக இருக்கும். ஆனால் அவைதான் முதல் இரண்டு எண்களை நம்ப வைக்கின்றன.

இதற்கு ஒரு எக்செல் ஷீட் போதும். நேர்காணல் எண், எத்தனை நிமிடம், எழுத்தாக்கி முடித்த தேதி, கோடிங் முடித்த தேதி என நான்கே பத்திகள். ‘தொடங்கிய தேதி’க்கு இடம் கொடுக்காதீங்க. பாதியில் நிற்கும் நேர்காணல் முடியாத நேர்காணல்தான். அரைகுறையாக ஐந்து கிடந்தால் ‘இரண்டரை முடிந்தது’ என்று கூட்டத் தோன்றும். கடைசி அரைப் பாதியில்தான் புரியாத வார்த்தைகளும் சரிபார்ப்பும் காத்துக்கொண்டிருக்கும்.

அந்த ஷீட்டோடு இன்னும் ஒன்று வேண்டும்: முடித்த வேலையின் ஒரு மாதிரி. நம் மாணவி கோடிங் முடித்த 6 நேர்காணல்களில் இரண்டை, அவற்றுக்குப் பயன்படுத்திய குறிகளின் பட்டியலோடு இணைக்கலாம். கைடு திறந்து பார்க்காமலும் போகலாம். பார்த்தால், வேலை எந்தத் தரத்தில் போகிறது என்பதும் அவருக்குத் தெரியும். பட்டியலில் ஏதாவது கோளாறு இருந்தால் மீதி 30-க்கு முன்பே சொல்லிவிடுவார்.

புதிய தேதியை எங்கிருந்து எடுப்பது?

இதுதான் முக்கியமான இடம். அந்த ஷீட்டில் வாரவாரியாக முடித்ததை எண்ணினால் இப்படி வருகிறது: 5, 4, 2, 4, 1, 5. மொத்தம் 21, ஆறு வாரம், சராசரி வாரத்துக்கு 3.5.

இப்போது மனசு என்ன சொல்லும் தெரியுமா? “2 வந்த வாரம் இன்விஜிலேஷன் டியூட்டி. 1 வந்த வாரம் காய்ச்சல். ரெண்டையும் விட்டுடு. நார்மலா நான் வாரத்துக்கு 4, 5 பண்றேன்ல.” இந்த வாதம் மிகவும் நியாயமாகத் தெரியும். ஆனால் அடுத்த ஆறு வாரத்திலும் ஏதோ ஒரு டியூட்டி வரும், யாருக்காவது காய்ச்சல் வரும். எந்த வாரம் என்று மட்டும்தான் இப்போது தெரியாது. கெட்ட வாரங்களை ‘விதிவிலக்கு’ என்று தூக்கிப் போட்டால், கணக்கு நல்ல வாரங்களுக்கு மட்டும் பொருந்தும். அவற்றைச் சேர்த்த 3.5-ஐ எடுங்கள்.

நம் மூளை ஏன் இப்படிச் செய்கிறது என்று உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஏமஸ் ட்வெர்ஸ்கியும் 1979-லேயே எழுதினார்கள். வரப்போகும் வேலையைக் கற்பனை செய்யும்போது எல்லாம் ஒழுங்காக நடப்பதாகவே கற்பனை செய்கிறோம். முன்பு செய்த அதே மாதிரி வேலைக்கு எவ்வளவு நாள் ஆனது என்று திரும்பிப் பார்ப்பதில்லை. 1994-ல் வெளியான ஓர் ஆய்வு இதைப் பட்டப்படிப்பு ஆய்வேடு எழுதும் மாணவர்களிடமே சோதித்தது. எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டதற்கு அவர்கள் சொன்ன சராசரி சுமார் 34 நாட்கள். ‘எல்லாமே தப்பாகப் போனால்?’ என்று கேட்டதற்குச் சொன்னது சுமார் 49 நாட்கள். உண்மையில் ஆனது 55-க்கும் மேல். அதாவது அவர்களுடைய மோசமான மதிப்பீடுகூட போதவில்லை. ஆகவே உங்கள் மதிப்பீட்டோடு ‘சேஃப்டிக்கு’ ஒரு வாரம் சேர்ப்பதால் பெரிய பலன் இல்லை. மதிப்பீட்டை விட்டுவிட்டு, நடந்ததை எண்ண வேண்டும்.

நம் மாணவி ‘ரெண்டு வாரம்’ கேட்டிருந்தால் அக்டோபர் 14 வந்திருக்கும். மீதி 15 நேர்காணலை 3.5 வேகத்தில் எழுத்தாக்கவே 4.3 வாரம் ஆகும். அதுவே அக்டோபர் 12. வாக்குக் கொடுத்த நாளில் அவரிடம் எழுத்தாக்கம் மட்டும் இருந்திருக்கும், அத்தியாயத்தில் ஒரு வரிகூட இருந்திருக்காது.

சரியான கணக்குக்கு மற்ற இரண்டு வேகங்களும் வேண்டும். கோடிங்: வகுப்பு, லைப்ரரி எல்லாம் இருந்த ஒரு சாதாரண வாரத்தில் 6 முடித்தார். எழுதுவது: இதே அளவுள்ள முந்தைய அத்தியாயத்துக்கு 4 வாரம் ஆனது. இந்த மூன்றில் எழுதும் வேகம்தான் பலவீனமான எண், ஏனென்றால் அது ஒரே ஒரு அனுபவத்திலிருந்து வருகிறது. அதையும் கைடிடம் மறைக்காமல் சொல்லிவிடலாம்.

வேலையின் வரிசையை மாற்றினால் என்ன ஆகும்?

எழுத்தாக்கம் முழுவதும், பிறகு கோடிங் முழுவதும், பிறகு எழுதுவது என்று போனால் நவம்பர் 8 அன்று கைடுக்குக் காட்ட ஒன்றும் இருக்காது. வேலை நடந்திருக்கும், ஆனால் ஆர்ஏசி மேசையில் வைக்க ஒரு தாள் இருக்காது. கைடு உங்களுக்கு அவகாசம் தரத் தயங்குவதற்குப் பல நேரம் காரணம் இதுதான். குழுவின் முன் அவரும் பதில் சொல்ல வேண்டும்.

அதனால் கையில் இருக்கும் 21-ஐ முதலில் முழுதாக முடிப்பது நல்லது. அவற்றில் 15-க்கு கோடிங் பாக்கி, இரண்டரை வாரம். அது செப்டம்பர் 30-ல் முடிகிறது. அடுத்த ஒரு வாரத்தில், அக்டோபர் 7-க்குள், அந்த 21 நேர்காணல்கள் காட்டுவது என்ன என்று பத்துப் பக்கக் குறிப்பு. பிறகு மீதி 15 எழுத்தாக்கம் 4.3 வாரம். நடுவில் தீபாவளி வாரம் ஒன்றை வெளிப்படையாகவே ‘வேலை இல்லை’ என்று போட்டுவிட வேண்டும். (தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் உட்கார்ந்து எழுத்தாக்கிவிடலாம் என்று ஹெட்போனோடு ஏறிய யாரும் வெற்றி பெற்றதாக நான் கேள்விப்பட்டதில்லை.) அதன்பின் கோடிங் இரண்டரை வாரம். பத்துப் பக்கக் குறிப்பு ஏற்கெனவே இருப்பதால் அத்தியாயம் எழுத 4 வாரத்துக்குப் பதில் 3 வாரம்.

இன்றைய தேதியை A1 கட்டத்தில் போட்டு, இந்த வாரங்களைக் கூட்டினால் ஷீட்டே தேதியைச் சொல்லிவிடும்:

```
=A1+7*(2.5+1+4.3+1+2.5+3)
```

மொத்தம் 14.3 வாரம், கிட்டத்தட்ட 100 நாட்கள். வரும் தேதி டிசம்பர் 21.

பார்த்தவுடன் வயிற்றைக் கலக்கும். செப்டம்பர் 30 என்று சொல்லிவிட்டு டிசம்பர் 21-ஆ? இந்த இடத்தில்தான் பலர் எண்களைத் திருத்தத் தொடங்குகிறார்கள்: 3.5-ஐ 5 ஆக்கி, தீபாவளியை நீக்கி, எழுத 2 வாரம் போதும் என்று போட்டு, ‘கேட்கக்கூடிய’ தேதிக்கு வந்து சேர்கிறார்கள். அதைச் செய்யாதீங்க. தேதி தொலைவில் இருக்கிறது என்றால் மாற்ற வேண்டியது வேகத்தை அல்ல, வேலையின் அளவை.

அளவைக் குறைப்பது உங்கள் முடிவு அல்ல

36 நேர்காணல்களும் இந்த அத்தியாயத்துக்குத் தேவையா? இருபதைத் தாண்டும்போது புதிதாக எதுவும் வராமல், சொன்னதையே எல்லோரும் சொல்லத் தொடங்கியிருக்கலாம். அப்படியென்றால் 28-ல் நிறுத்தலாம். பாக்கி 15-க்குப் பதில் 7 தான். எழுத்தாக்கம் 2 வாரம், கோடிங் ஒரு வாரத்துக்குச் சற்று அதிகம். மொத்தம் 10.7 வாரம், நவம்பர் 26. கொஞ்சம் முழுமையாக்கி நவம்பர் 30 என்று சொல்லலாம்.

ஆனால் இதை மாணவி தானாகச் செய்யக் கூடாது. மீதி எட்டில் ஐந்து பேர் பெண் டெலிவரி ஊழியர்கள் என்றால், அவர்களை விட்டுவிடுவது ஆய்வையே மாற்றிவிடும். எதை விடலாம் என்று தீர்மானிப்பது கைடின் வேலை. உங்கள் வேலை, எதை விட்டால் எவ்வளவு நாள் மிச்சம் என்று அவருக்குக் காட்டுவது. ‘அவகாசம் தாங்க’ என்ற கோரிக்கை இப்போது ‘இரண்டில் எது நல்லது என்று சொல்லுங்க’ என்ற கேள்வியாக மாறிவிட்டது. முதலாவதற்கு “முடியாது” என்று சொல்லலாம். இரண்டாவதற்கு அப்படிச் சொல்வது கடினம்.

மெயிலில் என்ன எழுதுவது?

நடைமுறையில் இது ஆங்கிலத்தில்தான் போகும். அமைப்பு புரிவதற்காக இங்கே தமிழில்:

*மதிப்பிற்குரிய மேடம்,*

*நான்காம் அத்தியாய வரைவை செப்டம்பர் 30-க்குள் தருவதாகச் சொல்லியிருந்தேன். அந்தத் தேதிக்குள் முழு வரைவைத் தர என்னால் முடியாது.*

*இன்றைய நிலை: 36 நேர்காணல்களில் 21 எழுத்தாக்கம் முடிந்தது. 6-க்கு கோடிங் முடிந்தது. எழுதத் தொடங்கவில்லை. வாரத்துக்கு 6 எழுத்தாக்க முடியும் என்று திட்டமிட்டேன். நடந்தது சராசரியாக 3.5.*

*செப்டம்பர் 30 அன்று, கையில் உள்ள 21 நேர்காணல்களின் கோடிங்கை முடித்து அனுப்புகிறேன். அக்டோபர் 7 அன்று, அவற்றின் அடிப்படையில் பத்துப் பக்கக் குறிப்பு தருகிறேன். நவம்பர் ஆர்ஏசி-க்கு இதை வைக்கலாம் என நினைக்கிறேன். முழு அத்தியாயம் டிசம்பர் 21-க்குள்.*

*28 நேர்காணல்கள் இந்த அத்தியாயத்துக்குப் போதும் என்று நீங்கள் கருதினால், நவம்பர் 30-க்குள் தர முடியும். விட வேண்டிய 8 எவை என்று பட்டியல் இணைத்திருக்கிறேன். எது சரி என்று சொல்லுங்கள்.*

*முன்னேற்ற ஷீட்டும், கோடிங் முடிந்த இரண்டு நேர்காணல்களும் இணைப்பில். இந்த வாரம் உங்களுக்கு வசதியான நேரத்தில் பத்து நிமிடம் நேரில் பார்க்க முடியுமா?*

கவனித்தீர்களா, இதில் காய்ச்சல் இல்லை, இன்விஜிலேஷன் டியூட்டி இல்லை, மன்னிப்பு மூன்று பத்தி இல்லை. உண்மையிலேயே பெரிய காரணம் ஏதாவது இருந்தால், உடல்நலமோ வீட்டில் ஒரு மரணமோ, ஒரே வரியில் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். ஆனால் அதைத் தேதிக்கான ஆதாரமாக வைக்காதீங்க. காய்ச்சல் ஏன் தாமதம் என்பதைச் சொல்கிறது, எப்போது முடியும் என்பதைச் சொல்லாது.

‘முடியாது’ என்ற வரி முதல் பத்தியிலேயே வருவதும் தற்செயல் அல்ல. பலர் முன்னேற்றத்தை நீளமாக அடுக்கிவிட்டுக் கடைசி வரியில் அவகாசத்தைச் செருகுவார்கள். நாற்பது விடைத்தாள் கட்டுகளுக்கு நடுவே போனில் மெயில் பார்க்கும் கைடு முதல் நான்கு வரிதான் படிப்பார். எல்லாம் நன்றாகப் போகிறது என்று நினைத்து “குட்” என்று பதில் போட்டுவிட்டால், அதன்பிறகு விளக்குவது இன்னும் சங்கடம்.

எப்போது கேட்பது?

நம் மாணவி 18 நாள் மிச்சம் இருக்கும்போது கேட்கிறார். கடைசி நாள் இரவு கேட்பதைவிட எவ்வளவோ மேல். ஆனால் அவருடைய ஷீட்டையே பார்த்தால், ஆகஸ்ட் 22 அன்றே விஷயம் தெரிந்திருக்கும். மூன்று வாரத்தில் 18 முடிந்திருக்க வேண்டும், முடிந்தது 11. அன்று கேட்டிருந்தால் கைடிடம் இன்னும் பல வழிகள் இருந்திருக்கும். எழுத்தாக்கத்துக்குக் கூலி கொடுத்து ஆள் வைக்கலாமா, செப்டம்பர் இன்விஜிலேஷனை வேறு யாருக்காவது மாற்றலாமா என்றெல்லாம் யோசித்திருக்கலாம்.

தள்ளிப்போடுவதற்கு முக்கியக் காரணம், கேட்டால் திறமை இல்லாதவர் என்று நினைத்துவிடுவாரோ என்ற பயம். 2021-ல் பிஎன்ஏஎஸ் இதழில், ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூலின் ஆஷ்லி வில்லன்ஸ் உள்ளிட்டோர் வெளியிட்ட ஆய்வு, மாற்றக்கூடிய டெட்லைன்களுக்குக்கூட அவகாசம் கேட்பதைப் பெண்கள் ஆண்களைவிட அதிகம் தவிர்க்கிறார்கள் என்று காட்டியது. மற்றவருக்குச் சுமையாகிவிடுவோமோ என்ற எண்ணமும் அதில் இருந்தது. நம் மாணவியின் விஷயத்தில் சுமை எது என்று பாருங்கள்: நவம்பர் 7 அன்று கைடுக்கு இது தெரியவருவதுதான் சுமை. செப்டம்பர் 12 அன்று தெரிவது அல்ல.

நேரில் என்ன கேட்பார்?

மூன்று கேள்விகள் வரலாம். முதலாவது, “இதை முன்னாடியே ஏன் சொல்லல?” இதற்கு “ஆகஸ்ட் கடைசியிலேயே தெரிந்தது மேடம், சரிகட்டிவிடலாம் என்று நினைத்தேன், முடியவில்லை” என்ற உண்மையான பதில் போதும்.

இரண்டாவது, “டிசம்பர் 21 ரொம்ப லேட். நவம்பர் 15-க்குக் கொடுத்துடு.” இங்கேதான் பலர் சரிந்துவிடுகிறார்கள். ‘சரி மேடம்’ என்று வாய் தானாகச் சொல்லிவிடும். அதற்குப் பதிலாக ஷீட்டைத் திறந்து, “நவம்பர் 15-க்கு முடிக்கணும்னா 21 நேர்காணலோடு நிறுத்தி எழுதணும் மேடம். அப்படிப் பண்ணலாமா?” என்று கேளுங்கள். (எழுத்தாக்கமே இல்லாமல், தீபாவளியையும் சேர்த்து, ஏழரை வாரம், நவம்பர் முதல் வாரத்திலேயே முடியும்.) அவர் ‘பண்ணு’ என்றால் பிரச்சினை தீர்ந்தது. ‘கூடாது’ என்றால், நவம்பர் 15 நடக்காது என்பது அவருக்கே புரிந்திருக்கும். நீங்கள் மறுத்துப் பேச வேண்டியதில்லை.

மூன்றாவது, “இந்தத் தேதியும் தவறினா?” இது நியாயமான கேள்வி. பதில் இப்போதே உங்களிடம் இருக்க வேண்டும். நம் மாணவிக்கு அது நவம்பர் 1. அன்று எழுத்தாக்கம் முடிந்த நேர்காணல்கள் 21-லிருந்து 29 ஆகியிருக்க வேண்டும். ஆகவில்லை என்றால், டிசம்பர் வரை காத்திருக்காமல் அன்றே 29-க்குக் கீழே எந்த எண்ணில் நிறுத்துவது என்று கைடோடு உட்கார்ந்து முடிவு செய்துவிடலாம்.

“முடியாது” என்றால்?

சில சமயம் அவர் மறுப்பார். துறையில் ஏற்கெனவே இரண்டு பேருக்கு முன்னேற்ற அறிக்கை சரியில்லை என்று எழுதியிருக்கலாம். அல்லது அவரே ஜனவரியில் நீண்ட விடுப்பில் போகலாம். அப்போது செப்டம்பர் 30 அன்று எதைத் தர முடியுமோ அதைத் தாருங்கள்: 21 நேர்காணல்களின் கோடிங். ‘வரைவு’ என்று பெயர் போட்டு, அரைகுறையாக எழுதிய முப்பது பக்கத்தைத் தராதீங்க. அதைப் படித்துத் திருத்த கைடு ஒரு வாரம் செலவிடுவார். நீங்கள் அந்தப் பக்கங்களை எப்படியும் தூக்கி எறியப் போகிறீர்கள்.

கைடு பதிலே போடவில்லை என்றால்? அதுவும் நடக்கும். மூன்று நான்கு நாள் கழித்து அறைக்கு நேரில் போங்கள், பேசி முடித்ததும் அன்றே இரண்டு வரி மெயில் போடுங்கள்: “இன்று பேசியபடி, 28 நேர்காணல்கள், நவம்பர் 30. அக்டோபர் 7 அன்று குறிப்பு அனுப்புகிறேன்.” வாய்வழியாக வாங்கிய அவகாசம் இரண்டு மாதம் கழித்து இருவருக்கும் வேறுவேறாக நினைவிருக்கும். ஆர்ஏசி-யில் யாராவது ‘ஏன் தாமதம்?’ என்று கேட்டால் கைடு அந்த மெயிலைத்தான் தேடுவார்.

பிறகு செப்டம்பர் 30 அன்று, சொன்னதை அனுப்புங்கள். அக்டோபர் 7 அன்று குறிப்பையும். ஷீட்டைப் புதுப்பித்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அதே மெயிலுக்குப் பதிலாக ஒரு வரி: “இந்த வாரம் 3, மொத்தம் 24.” 2 வந்த வாரத்திலும் 2 என்றே போடுங்கள்.